வணக்கம்னு சொன்னா புகாரைத் திருப்பிக் குடுக்கறாங்க, நீங்க என்ன பதில் சொல்லுவீங்க?

கவுண்டர்_அக்கா:
கும்பகோணம் பக்கம் ஒரு பேங்க் பிராஞ்ச்ல பென்ஷன் கவுண்டர்ல உட்கார்றேன். நவம்பர்ல ஆயுள் சான்றிதழ் குடுக்காதவங்களுக்கு டிசம்பர் கடைசில பணம் ஏறாது, அப்போ எங்க கவுண்டர் முன்னாடி நிக்கற முகங்களைப் பாக்கணும். போன தடவை ஒரு பெரியவர், ரயில்வேல இருந்து ரிட்டயர் ஆனவர், கண்ணாடிக்கு முன்னாடி வந்ததும் "வணக்கம் சார், வாங்க"ன்னேன். "வணக்கம் இருக்கட்டும்மா, பென்ஷன் எங்க? மாத்திரை வாங்க காசில்ல, யார்ட்ட போய் நிப்பேன்"னார். பின்னாடி கியூ முழுக்க எங்களையே பாக்குது.

நான் திரும்ப வணக்கம் சொல்லல, சிரிக்கவும் இல்ல. "மாத்திரைக்குக் காசில்லன்னா அதைத்தான் முதல்ல பாக்கணும் சார், பாஸ்புக்கைக் குடுங்க, எதனால நின்னிருக்குன்னு இப்பவே பாத்துச் சொல்றேன்"னேன். அவர் பாஸ்புக்கை நீட்டினார், குரல் பாதியா இறங்கிடுச்சு. பாத்தா சான்றிதழ்தான் போகல. கைரேகை வச்சா மெஷின் எடுக்கல, வருஷக்கணக்கா ஸ்பேனர் புடிச்ச விரல், ரேகையே தேஞ்சு போயிருக்கு. போன்ல முகத்தைக் காட்டி எடுக்கற ஆப்ல எடுத்தோம், ஆதார்ல இருந்த பழைய போட்டோவோட முகம் பொருந்திடுச்சு, அவர் போனுக்கு மெசேஜும் வந்துச்சு. நின்ன பணம் அரியரா சேர்ந்து வரும்னு சொன்னதுக்கு அப்புறம்தான் "சாப்ட்டியாம்மா"ன்னு கேட்டார்.

என்னைப் பொறுத்தவரை அவர் சொன்னதுல ஒரு பொருளோட பேரு இருக்கும் பாருங்க, மாத்திரை, வாடகை, பேத்தி ஃபீஸ், அதை நம்ம பதில்ல திருப்பிச் சொன்னாலே நாம காதுல வாங்கிட்டோம்னு அவருக்குத் தெரிஞ்சுரும். உங்க அனுபவம் எழுதுங்க.

ஹெட்செட்_வேலை:
நான் கால் சென்டர்ல இருக்கேன். இதுக்கு ஈஸி வழி இருக்கு அக்கா, எடுத்த எடுப்புலயே சாரி சொல்லிடணும். "சாரி சார், உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துறோம்"னு முதல் வரில வந்துடணும், எங்க ட்ரெயினிங்ல அதான். பாதி கோபம் அங்கயே போயிரும்.

கவுண்டர்_அக்கா:
தம்பி, தப்பு நம்ம பக்கம்னு தெரிஞ்சா தாராளமா சொல்லலாம், சொல்லியும் ஆகணும். ஆனா என்ன ஆச்சுன்னே பாக்காம சாரி சொன்னா பேங்க்தான் ஏதோ பண்ணிடுச்சுன்னு அவர் நினைச்சுக்குவார், அடுத்த நிமிஷம் "நீங்க சான்றிதழ் குடுக்கல சார்"னா முதல்ல இருந்ததை விட ரெண்டு மடங்கு கோபம் வரும், "அப்ப எதுக்கு சாரி சொன்ன"ன்னு கேப்பார், அதுல நியாயமும் இருக்கு. "அலைஞ்சுட்டீங்க"ன்னு சொல்லலாம், அது உண்மை, யார் தப்புன்னு அதுல வராது.

பழைய_தபால்காரர்:
போஸ்ட் ஆபீஸ்ல வேலை பாத்து ஓய்வு பெற்றவன். ஒண்ணு மட்டும் சேத்துச் சொல்றேன். வயசானவங்க கியூல நிக்கறப்பவே என்ன பேசணும்னு மனசுக்குள்ள ஒத்திகை பாத்துக்கிட்டே வருவாங்க. நாம வணக்கம்னதும் அந்தப் பேச்சு அப்படியே வெளிய வந்துரும், அது நம்ம வணக்கத்துக்குச் சொன்ன பதிலே இல்ல. அதனால வணக்கத்தை மதிக்கலன்னு மனசுல வச்சுக்கக் கூடாது. முக்கியமா பாதில வெட்டக் கூடாது, வெட்டினா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிப்பாங்க. ஒருத்தர் அதே வாக்கியத்தை ரெண்டாவது தடவை சொன்னா முதல் தடவை நாம கேக்கலன்னு அவர் நினைக்கறார்னு அர்த்தம். அந்த நேரத்துல விளக்கம் குடுக்காதீங்க, கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்க.

படி ஏற முடியாதவங்களுக்கு இன்னொரு விஷயம். தபால்காரரே வீட்டுக்கு வந்து இந்தச் சான்றிதழை எடுத்துக் குடுப்பார். "இவ்வளவு தூரம் வரவழைக்கறீங்களே"ன்னு ஆரம்பிக்கறவங்ககிட்ட, முழுசா கேட்டு முடிச்சிட்டு, கடைசில இதைச் சொல்லுங்க. முதல் வாக்கியமா சொன்னா விரட்டறாங்கன்னு தோணும்.

மருமக_மீனா:
எனக்கும் இதே பிரச்சினைதான்! எங்க பெரிய அத்தைக்குப் போன் போட்டு "அத்தை நல்லாருக்கீங்களா"ன்னா, "இப்பதான் என் நம்பர் கண்ணுக்குத் தெரிஞ்சுதா"ம்பாங்க. வேலை, பிள்ளை பரீட்சைன்னு நான் காரணம் சொல்ல ஆரம்பிச்சா ஒவ்வொரு காரணத்துக்கும் அவங்ககிட்ட ஒரு பதில் இருக்கு, போன் வைக்கறப்ப ரெண்டு பேருக்கும் மனசு சரியில்ல. இதுக்கு என்ன ஆப் இருக்குன்னு சொல்லுங்க.

பழைய_தபால்காரர்:
ஆப்பெல்லாம் இதுக்குக் கிடையாதும்மா, நீங்க சொல்றது வேற விஷயம். கவுண்டருக்கு வர்றவருக்கு வேலை ஆகணும், உங்க அத்தைக்கு நீங்க வேணும். காரணமே சொல்லாதீங்க. "ஆமா அத்தை, ரொம்ப நாளாச்சு, உங்க முட்டி வலி இப்ப எப்படி இருக்கு?"ன்னு கேட்டுப் பாருங்க. ஒத்துக்கிட்டதும் சண்டைக்கு அங்க ஆளில்ல, முட்டி வலிக்கு மட்டும் பதில் வரும்.

மருமக_மீனா:
முட்டி வலிய பத்திக் கேட்டா அரை மணி நேரம் ஆகுமே ஐயா. சரி, ஞாயித்துக்கிழமை கேக்கறேன்.

நவம்பர்_ஞானம்:
எல்லாரும் நவம்பர்லயே குடுத்துட்டா ஒரு புகாரும் வராது. மத்தியானம் டீ குடிக்கற நேரத்துல முடிஞ்சுடற வேலை.

பழைய_தபால்காரர்:
எல்லாருக்கும் நவம்பர் இல்ல சார். மத்திய அரசு பென்ஷன்காரங்களுக்கு நவம்பர், அதுலயும் 80 வயசு ஆனவங்க அக்டோபர்லயே குடுக்கலாம். பி.எஃப். பென்ஷன்ல வருஷத்துல எந்த மாசமும் குடுக்கலாம், குடுத்த நாள்லேருந்து ஒரு வருஷம் செல்லும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்னு தப்பான மாசத்துல வந்து நிக்கறவங்களை நான் நிறைய பாத்திருக்கேன். அவங்ககிட்ட "உங்களுக்கு நவம்பர் இல்லையே"ன்னு ஆரம்பிச்சா அலைச்சல் வீண்னு ஆயிடும். "வந்தது நல்லதாப் போச்சு, உங்க தேதி எதுன்னு பாத்து எழுதித் தர்றேன்"னா போதும்.

திண்ணை_ரிட்டயர்டு:
நான் அந்தப் பக்கம் நிக்கற ஆளு. வணக்கம் சொன்ன பொண்ணுகிட்ட நானும் வள்ளுன்னு விழுந்திருக்கேன். அதுக்கு முந்தி மூணு ஜன்னலுக்கு அனுப்பியிருந்தாங்க, எந்த ஜன்னல்லயும் நிமிர்ந்து பாக்கல. முதல்ல நிமிர்ந்து பாத்தது அந்தப் பொண்ணுதான், அதனாலதான் எல்லாமும் அவ தலைல இறங்குச்சு. "உக்காருங்க ஐயா"ன்னு ஒரு நாற்காலியைக் காட்டினா. நின்னுக்கிட்டே கத்த முடியுது, உட்கார்ந்துட்டா ஏனோ முடியல. கவுண்டர்ல இருக்கறவங்களுக்கு என் வேண்டுகோள், பதில் வார்த்தையை விட நாற்காலி முக்கியம்.

கவுண்டர்_அக்கா:
ஐயா, இதை நாளைக்கே மேனேஜர்ட்ட சொல்றேன். எங்க கவுண்டர் முன்னாடி ஸ்டூல் கூட இல்ல.

மாடி_வீடு_3பி:
என் கேஸ் யாராவது சொல்லுங்க. அபார்ட்மென்ட்ல மேல் வீட்டு சார், காலைல லிஃப்ட்ல "குட் மார்னிங்"னா தினமும் "தண்ணி வரல, லைட் எரியல"ம்பார். நான் செக்ரட்டரி இல்ல, என்னால எதுவும் செய்ய முடியாது. மாத்திரை, வாடகைன்னு திருப்பிச் சொல்ற அக்காவோட வழி இங்க வேலை செய்யல. "தண்ணி வரலையா"ன்னு கேட்டா, நான்தான் சரி பண்ணப் போறேன்னு நினைச்சுக்கிட்டு மறுநாள் "என்னாச்சு"ன்னு கேக்கறார்.

ஹெட்செட்_வேலை:
அப்ப சாரியும் சொல்ல முடியாதே. "செக்ரட்டரிட்ட சொல்லிட்டீங்களா சார்"னு கேட்டுப் பாருங்க?

மாடி_வீடு_3பி:
கேட்டேன். "அவர்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்"ங்கறார்.

பழைய_தபால்காரர்:
அவருக்குத் தண்ணியா வேணும், இல்ல பேச ஆளா வேணும்னு தெரியணும். ஒரு நாள் தண்ணி நல்லா வந்த பிறகு குட் மார்னிங் சொல்லிப் பாருங்க, அன்னிக்கும் வேற ஒண்ணு எடுத்தார்னா அப்புறம் யோசிக்கலாம்.

மாடி_வீடு_3பி:
எங்க ஏரியால தண்ணி நல்லா வர்றது மழை மாசத்துலதான் சார். அதுவரைக்கும்?