சப்ளையரின் வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது, மனம் நோகாமல் எப்படிக் கேட்பது?

கம்பத்தில் மொத்த மளிகைக் கடை வைத்திருக்கிறோம். ஏலக்காய் பல வருடமாக வண்டன்மேட்டுச் சேட்டன் ஒருவரிடம்தான். இந்த முறை பில்லோடு வாட்ஸ்அப்பில், "இனி இந்த அக்கவுண்டில் போடுங்க" என்று வந்திருக்கிறது. ஜிஎஸ்டி எண் அதேதான். ஆனால் IFSC-யைத் தேடினால் கிளை வடநாட்டில் இருக்கிறது.

நெட் பேங்கிங்கில் பெயர் பார்க்கும் வசதியில் போட்டேன். கடைப் பெயர் வரவில்லை, யாரோ ஒருவரின் பெயர் வந்தது. அவருடைய மருமகனாகக்கூட இருக்கலாம். ஆனாலும் நெஃப்டில் பணம் கணக்கு எண்ணை வைத்தே போய்ச் சேரும், நாம் எழுதும் பெயரை வைத்து அல்ல. அதனால் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

ஒரு ரூபாய் அனுப்பி "வந்ததா?" என்று அதே வாட்ஸ்அப்பில் கேட்டுப் பிரயோஜனமில்லை, பதில் சொல்வது யாரென்று தெரியாதே. பழைய பில்லில் அச்சடித்திருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டு, "கணக்கு மாறினால் எல்லாரிடமும் கேட்டு எழுதுவது எங்க வழக்கம் சேட்டா, கடைசி நாலு எண்ணை நீங்களே சொல்லுங்க" என்று கேட்கலாமென்று நினைக்கிறேன். நானாக எண்ணை வாசித்தால் அவசரத்தில் "ஆமா" என்று விடுவார்.

அப்புறம், பெயர் அச்சிட்ட கேன்சல் செக்கை ஆள் மூலம் நேரில் கொடுத்தனுப்பச் சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வாரா? குமுளி, போடிப் பக்கம் வியாபாரம் செய்கிறவர்கள் எப்படிக் கேட்கிறீர்கள், சொல்லுங்களேன்.