பெயின்ட் பிடித்தம்: அச்சில் உள்ள பிரிவு செல்லுமா, கையால் எழுதிய வரி செல்லுமா?

வேளச்சேரிவாசி:
பதினோரு மாத ஒப்பந்தத்தில் குடியிருந்த வீட்டைக் காலி செய்தேன். ஒரு லட்ச ரூபாய் முன்பணத்தில் ஒரு மாத வாடகையான 18,000 ரூபாயைப் பெயின்ட் செலவுக்கென்று பிடித்துக்கொண்டு 82,000 ரூபாயை மட்டும் உரிமையாளர் திருப்பித் தந்தார். கடையில் வாங்கிய அச்சுப் படிவத்தின் 9ஆம் பிரிவில் அந்தப் பிடித்தம் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் போட்ட அன்று நான் மறுத்ததால், கடைசிப் பிரிவுக்குக் கீழே, நாங்கள் கையெழுத்திட்ட இடத்துக்கு மேலே, ‘பெயின்ட் பிடித்தம் கிடையாது’ என்று அவரே நீல மையில் எழுதினார். 9ஆம் பிரிவை யாரும் அடிக்கவில்லை. எழுதிய வரிக்கருகே தனியாகச் சுருக்கொப்பமும் இல்லை. எது செல்லும்?

துறைமுகத்தான்:
கையால் எழுதியது எப்போதும் அச்சை வெல்லும். 1803இலேயே லண்டனில் ஒரு கப்பல் காப்பீட்டு வழக்கில் எல்லன்பரோ பிரபு இதைத் தீர்த்துவைத்துவிட்டார். 18,000 ரூபாயும் உங்களுடையதுதான், கவலை வேண்டாம்.

பத்திரப் பேனா:
இப்படி ‘எப்போதும்’ என்று அடித்துச் சொல்பவர்களால்தான் மக்கள் வீதிக்கு வருகிறார்கள். சார்பதிவாளர் அலுவலக வாசலில் காலமெல்லாம் பத்திரம் எழுதியவன் என்ற முறையில் கேட்கிறேன்: சுருக்கொப்பம் எங்கே? அடித்தல், திருத்தல், இரு வரிகளுக்கு நடுவே நுழைத்து எழுதும் வரிபிளப்பு எதுவானாலும் இரு தரப்பும் அதனருகே ஒப்பமிட வேண்டும். பக்கத்தின் அடியில் அதைப் பற்றி ஒரு குறிப்பும் எழுத வேண்டும். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவைப் படித்துவிட்டுக் கப்பலேறுங்கள்.

எழும்பூர் வழக்குரைஞர்:
20ஆம் பிரிவு பத்திரப் பேனா அவர்கள் நினைப்பதைச் சொல்லவில்லை. திருத்தம் உள்ள ஆவணத்தை, எழுதிக்கொடுத்தவர்கள் அந்தத் திருத்தத்துக்குச் சான்றொப்பம் இடாதபோது, பதிவுக்கு ஏற்க மறுக்கலாம் என்று பதிவு அலுவலருக்கு அது அதிகாரம் தருகிறது. மறுக்காமல் பதிவு செய்தால், திருத்தங்களைப் பதிவேட்டில் குறித்துக்கொள்ள வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதாவது, ஒப்பமில்லாத திருத்தத்தோடு ஓர் ஆவணம் பதிவாகவும் கூடும் என்பதைச் சட்டமே எதிர்பார்க்கிறது. இரு தரப்புக்கும் இடையில் அந்த வரி செல்லுமா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை, வரி எப்போது எழுதப்பட்டது என்பதில் இருக்கிறது. கையெழுத்திடுவதற்கு முன் எழுதப்பட்டிருந்தால் அது திருத்தமே அன்று. 9ஆம் பிரிவைப் போல அதுவும் ஒப்பந்தத்தின் ஒரு பகுதி, அடியிலுள்ள கையெழுத்து அதற்கும் சேர்த்துத்தான். பின்னர் ஒருவர் மட்டும் எழுதிச் சேர்த்திருந்தால், சேர்த்தவருக்கே அது வினையாக முடியும். வேளச்சேரிவாசி, உங்களிடம் இருப்பது மூலமா, நகலா?

பத்திரப் பேனா:
‘எப்போது’ என்பதை எப்படிக் காட்டுவீர்கள், மேடம்? அதைக் காட்டத்தானே சுருக்கொப்பம்? அது எங்கே?

வேளச்சேரிவாசி:
முத்திரைத்தாளோடு கூடிய மூலம் உரிமையாளரிடம் இருக்கிறது. அன்று மாலையே கடையில் எடுத்த ஜெராக்ஸ் என்னிடம் இருக்கிறது; அதில் அந்த வரியும் தெரிகிறது, இருவர் கையெழுத்தும் தெரிகிறது.

ஓய்வுபெற்ற காசாளர்:
இதற்கு இவ்வளவு வாதம் எதற்கு என்று புரியவில்லை. எண்ணிலும் எழுத்திலும் தொகை வேறுபட்டால் எழுத்தில் உள்ளதே தொகை என்று மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. எங்கள் கவுன்ட்டரில் ஒரு நாளும் இதில் தகராறு வந்ததில்லை. ஆகவே எழுத்துதான் வெல்லும்.

மாடிவீடு:
ஐயா, இங்கே யாரும் காசோலை எழுதவில்லை. 18,000 என்ற எண்ணில் இருவருக்கும் தகராறே இல்லை.

என் கதையையும் கேளுங்கள். என் குடித்தனக்காரர் ஒருவர் தம் பிரதியில் மட்டும் ‘கார் நிறுத்த இடம் உண்டு’ என்று எழுதிக்கொண்டு வந்து, அது ஒப்பந்தத்தில் இருப்பதாகச் சண்டைக்கு நின்றார். என் மூலத்தில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. கையால் எழுதியதெல்லாம் செல்லும் என்றால் வீட்டு உரிமையாளர்கள் அனைவரும் வீட்டைப் பூட்டி வைத்துவிடலாம்.

ஓய்வுபெற்ற காசாளர்:
காசோலையைக் கேலி செய்ய வேண்டாம். இன்றைக்குக் காசோலையில் தேதியைத் தவிர வேறு எதைத் திருத்தினாலும், சுருக்கொப்பமே இட்டாலும், காசோலையின் படத்தை மட்டும் வங்கிகளுக்கிடையே அனுப்பித் தீர்க்கும் படிமத் தீர்வு முறையில் அது திரும்பி வந்துவிடும். ஒப்பம் இருந்தாலும் செல்லாத இடம் உண்டு என்பதைப் பத்திரப் பேனா குறித்துக்கொள்ளட்டும்.

பத்திரப் பேனா:
முதலில் எழுத்து வெல்லும் என்றீர்கள், இப்போது திருத்தமே கூடாது என்கிறீர்கள். கவுன்ட்டரை மூடிவிட்டுப் பேசுங்கள். மாடிவீடு அவர்கள் சொன்னதற்குத்தான் நானும் கேட்கிறேன்: அந்தக் கார் வரிக்கருகே சுருக்கொப்பம் இருந்ததா? இல்லை. இந்தப் பெயின்ட் வரிக்கருகே இருக்கிறதா? இல்லை. இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

எழும்பூர் வழக்குரைஞர்:
மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. அங்கே பயன்பெறுபவர் தம் கையால், தம் பிரதியில் மட்டும் எழுதினார். இங்கே, தமக்கு நட்டம் தரும் வரியை உரிமையாளரே தம் கையால் எழுதியிருக்கிறார். அதுவும் தம்மிடமே உள்ள மூலத்தில். கையெழுத்திட்ட பிறகு, தமக்கு எதிரான ஒரு வரியை எதற்காகத் தாமே சேர்ப்பார்? ‘என் கை அன்று’ என்று அவர் மறுத்தால், அவருடைய மற்ற எழுத்தோடு நீதிமன்றமே அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இடமும் பேசும். கடைசிப் பிரிவுக்கும் கையெழுத்துக்கும் நடுவில் இயல்பான இடைவெளியோடு வரி நிற்கிறதா, அல்லது கையெழுத்தின் மேல் முட்டிக்கொண்டு எழுத்து சிறுத்து, வளைந்து போகிறதா என்பதை நகலில் பாருங்கள். பின்னால் நுழைத்த வரி பெரும்பாலும் இடம் போதாமல் தவிக்கும்.

துறைமுகத்தான்:
நான் சொன்னதைத்தான் மேடமும் சுற்றி வளைத்துச் சொல்கிறார். 1893இல், அப்போது இங்கிலாந்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் அவை முடித்த ஆரஞ்சு வழக்கைப் பாருங்கள். ஸ்பெயினின் மாலகா துறையிலிருந்து லிவர்பூலுக்கு ஆரஞ்சு ஏற்றிய கப்பல், நேரே போகாமல் எதிர்த்திசையில் கிழக்குக் கரையிலுள்ள புரியானாவுக்குப் போய்விட்டுத் திரும்பியது, பழம் அழுகியது. மத்தியதரைக் கடல், கருங்கடல், ஆப்பிரிக்கக் கரை என எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று சரக்குச் சீட்டில் அச்சிட்டிருந்தார்கள். ஆனாலும் கப்பல்காரர் தோற்றார். புறப்படும் துறையும் சேரும் துறையும் கையால் நிரப்பப்பட்டவை, அதனால் அச்சுப் பிரிவு செத்தது. முடிந்தது கதை.

எழும்பூர் வழக்குரைஞர்:
அச்சுப் பிரிவு சாகவில்லை, அதுதான் நீங்கள் விட்டுவிட்ட பாதி. மாலகாவிலிருந்து லிவர்பூல் போகும் வழியில் உள்ள துறைகளில் நின்று செல்லலாம் என்ற அளவுக்கு அந்தப் பிரிவைச் சுருக்கிப் படித்தார்கள். வழிக்குப் புறம்பான புரியானாவுக்குத்தான் அது உதவவில்லை. 1803 வழக்கிலும் எல்லன்பரோ பிரபு சொன்ன காரணம், அச்சு எல்லோருக்கும் பொதுவாக வார்த்தது, எழுதிய சொற்களோ இந்த இருவர் தங்களுக்கென்று தேர்ந்தெடுத்தவை, ஆகவே ஐயம் வந்தால் எழுதியதற்குக் கூடுதல் எடை என்பதுதான். முதலில் இரண்டையும் சேர்த்துப் படிக்க முயல வேண்டும். சேரவே சேராது என்றால்தான் எழுதியது மேலோங்கும். ‘பெயின்டுக்காக ஒரு மாத வாடகை கழிக்கப்படும்’ என்பதும் ‘பெயின்ட் பிடித்தம் கிடையாது’ என்பதும் எப்படிப் படித்தாலும் சேராது. ஆகவே 9ஆம் பிரிவை அடிக்காமல் விட்டது பெரிய குறையன்று. ‘பெயின்ட் குறித்துப் பிறகு பேசிக்கொள்ளலாம்’ என்று எழுதியிருந்தால் என் விடை வேறாக இருந்திருக்கும்.

துறைமுகத்தான்:
சரக்குச் சீட்டைக் கையில் தொட்டுப் பார்த்தவனுக்குப் பாடம் நடத்துகிறீர்கள். கப்பல்காரர் தோற்றாரா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.

பத்திரப் பேனா:
ஆரஞ்சுப் பழத்துக்குச் சுருக்கொப்பம் தேவையில்லை, வாடகை ஒப்பந்தத்துக்குத் தேவை. வேளச்சேரிவாசி, அந்தப் படிவத்தின் 14ஆம் பிரிவை ஏன் மறைக்கிறீர்கள்? அந்தப் படிவம் எனக்குத் தெரியாததா?

வேளச்சேரிவாசி:
மறைக்கவில்லை, கவனிக்கவில்லை. 14ஆம் பிரிவு: ‘இவ்வொப்பந்தத்தில் செய்யப்படும் எந்த மாற்றமும் இரு தரப்பினரும் அதனருகே சுருக்கொப்பமிட்டாலன்றிச் செல்லாது.’

பத்திரப் பேனா:
வந்ததா? இதைத்தான் முதல் பதிவிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். லண்டன் பிரபுக்களைவிட இந்த ஒரு வரி பெரிது. ஒப்பம் இல்லை, ஆகவே மாற்றம் இல்லை, ஆகவே பிடித்தம் உண்டு.

மாடிவீடு:
இப்படி ஒரு பிரிவு இருக்கும்போது ஒருவர் எழுதி வைத்த வரியைத் தூக்கிப் பிடிப்பது நியாயமா?

எழும்பூர் வழக்குரைஞர்:
14ஆம் பிரிவு கடினமானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதுவும் அச்சு வரிதான். உருவாகி முடிந்த ஒப்பந்தத்தைப் பின்னர் மாற்றுவதைப் பற்றி அது பேசுகிறது என்று நான் வாதிடுவேன். கையெழுத்து விழும் முன்பே தாளில் இருந்த வரி ஒப்பந்தத்தில் ‘செய்யப்பட்ட மாற்றம்’ ஆகாது. படிவத்தின் வாசகத்தை மாற்றுவதும் அதில் அடங்கும் என்று எதிர்த்தரப்பு வாதிடும். எந்த வாதத்தை நீதிபதி ஏற்பார் என்று இங்கே உட்கார்ந்து உறுதி சொல்ல முடியாது. எப்படியானாலும், உரிமையாளரே எழுதி, அதன் அடியில் அவரே கையெழுத்திட்டு, வீட்டையும் வாடகைக்கு விட்ட பிறகு, ‘ஓரத்தில் இரண்டு எழுத்து விட்டுப்போயிற்று’ என்று சொல்வது எடுபடுவது அரிது.

வேளச்சேரிவாசி செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மூலத்தை முன்வைக்கும்படி உரிமையாளருக்கு எழுத்தில் அறிவிப்பு அனுப்புங்கள். அப்படிக் கேட்டும் அவர் தராவிட்டால்தான், உங்கள் ஜெராக்ஸை மூலத்துக்குப் பதிலான இரண்டாம் நிலைச் சான்றாக ஏற்கும்படி கேட்க வழி பிறக்கும். ஒப்பந்தம் போட்ட நாளில் சாட்சிக் கையெழுத்திட்டவர் யார் என்பதையும் பாருங்கள். எது முதலில் எழுதப்பட்டது என்பதைக் கண்ணால் கண்டவர் அவர்.

வேளச்சேரிவாசி:
சாட்சிகளில் ஒருவர் வீட்டுத் தரகர். மற்றவர் உரிமையாளரின் மைத்துனர்.

பத்திரப் பேனா:
மைத்துனர் உங்களுக்காக வந்து சொல்லப்போகிறார், பாருங்கள்! என்னிடம் வந்திருந்தால் இரண்டே நிமிடத்தில் இருவரிடமும் ஒப்பம் வாங்கி, அடியில் குறிப்பும் எழுதியிருப்பேன். எழுத்தர் கூலியை மிச்சம் பிடித்தீர்கள், 18,000 போயிற்று.

துறைமுகத்தான்:
போகவில்லை. கையால் எழுதியது வெல்லும். 1803.

ஓய்வுபெற்ற காசாளர்:
18ஆம் பிரிவைப் பற்றி நான் சொன்னதற்கு இன்னும் யாரும் நேராக விடை சொல்லவில்லை.

எழும்பூர் வழக்குரைஞர்:
ஐயா, அது வேறு சட்டம், வேறு கேள்வி. பத்திரப் பேனா அவர்களே, கூலியைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்றைச் சொல்லுங்கள்: அந்த வரி உரிமையாளரின் கையெழுத்துதான் என்று உறுதியானால், அப்போதும் பிடித்தம் உண்டு என்பீர்களா?

பத்திரப் பேனா:
அவர் கையாகவே இருக்கட்டும். சுருக்கொப்பம் எங்கே?