பணம் போனதாக என் வங்கி சொல்கிறது, பெறுபவர் கணக்கில் வரவில்லை: வரவு உறுதி எண்ணைப் பெறுவது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். குறுவை அறுவடை இயந்திரத்தின் வாடகையாக ரூ.38,400-ஐ, நீடாமங்கலத்தில் உள்ள என் கணக்கிலிருந்து பட்டுக்கோட்டையில் உள்ள அதன் உரிமையாளரின் கணக்குக்கு நெஃப்ட் மூலம் அனுப்பினேன். என் கணக்கில் தொகை கழிக்கப்பட்டு, செயலியில் Success என்று காட்டுகிறது; ஆனால் அவர் பாஸ்புக்கில் பதிந்து பார்த்தும் அந்த வரவு இல்லை. ஓட்டுநர் கூலியும் டீசல் பாக்கியும் கொடுக்க வேண்டியவரைக் காக்க வைத்திருப்பது எனக்கு மிகுந்த வருத்தமாக உள்ளது.

என் கிளையில் யூ.டி.ஆர். எண்ணை மட்டுமே தந்தார்கள். அது பணம் புறப்பட்டதற்கு அடையாளமே தவிர, போய்ச் சேர்ந்ததற்குச் சான்றாகாது. நெஃப்ட் தொகுதி தீர்வான இரண்டு மணி நேரத்துக்குள் பெறும் வங்கி வரவு வைக்க வேண்டும் அல்லது திருப்பி அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வரவு வைத்தால், அந்த நேரத்தைக் குறித்து அனுப்பிய வங்கிக்கு உறுதிச் செய்தியும் அனுப்ப வேண்டும். அந்தச் செய்தியின் எண் கையில் இருந்தால், பட்டுக்கோட்டைக் கிளையில் “வரவில்லை” என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட முடியாது; எந்த நேரத்தில், எந்தக் கணக்கில் வரவு வைத்தார்கள் என்று தேடியாக வேண்டும். செய்தியே வரவில்லையென்றால், தொகை பெறும் வங்கியின் இடைக்கணக்கில் நிற்கிறது என்றே நினைக்கிறேன்.

வங்கிப் பணியில் இருப்பவர்களிடம் என் வேண்டுகோள்: இந்த எண்ணைக் கிளையிலேயே எழுத்து மூலம் கேட்டுப் பெறலாமா, அல்லது வங்கியின் நெஃப்ட் வாடிக்கையாளர் மையத்துக்குத்தான் எழுத வேண்டுமா? தாமதத்துக்குரிய வட்டியை, ரெப்போ விகிதத்துடன் 2 சதவீதம் சேர்த்து, இதே மனுவில் கேட்கலாமா என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.