எஸ்ஐபி மேன்டேட் 15,000, ஸ்டேட்மென்டில் தொகையும் தேதியும் ஒத்துப்போகவில்லை, உதவி தேவை (அவசரம்)

சிவகாசி மலர்
மூன்று ஃபண்டில் எஸ்ஐபி போட்டிருக்கிறேன். மேன்டேட் 15,000. ஆனால் அந்தத் தொகை ஒரு மாதம்கூடப் போனதில்லை. 5ஆம் தேதி போக வேண்டியது 6ஆம் தேதி போகிறது. 5,500 என்று ஒன்று போயிருக்கிறது, அந்தத் தொகைக்கு நான் எஸ்ஐபியே போடவில்லை. இந்த மாதம் அதுவும் போகவில்லை, ஆனால் 295 ரூபாய் பிடித்துவிட்டார்கள். பேலன்ஸ் இருந்தது. வங்கியில் கேட்டால் ஃபண்ட் கம்பெனியில் கேளுங்கள் என்கிறார்கள். யாராவது சொல்லுங்கள்.

தேனிக்காரன்
ஒவ்வொரு எஸ்ஐபியும் எவ்வளவு, எந்தத் தேதி? ஆப் மூலமாகவா, நேரடியாக ஃபண்ட் கம்பெனியிலா?

ராஜா டெக்ஸ்டைல்ஸ்
எனக்கும் இதே கதைதான். பைக் லோன் இஎம்ஐ இரண்டு தடவை பிடித்தார்கள், மூன்று வாரம் நடந்துதான் திரும்ப வாங்கினேன். கிளை மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள்.

கணக்குப்பிள்ளை
இந்தக் குழுவில் இதே கேள்வி மாதம் நான்கு தடவை வருகிறது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கலாம். மேன்டேட் என்பது உச்சவரம்பு, மாதத் தவணை இல்லை. ஸ்டேட்மென்ட் வரிகளைப் போடாமல் 'ஒத்துப்போகவில்லை' என்றால் யார் என்ன சொல்ல முடியும்?

சிவகாசி மலர்
மன்னிக்கவும். ஆப் மூலமாகத்தான். 5,000 (5ஆம் தேதி), 2,500 (10ஆம் தேதி), 3,000 (10ஆம் தேதி). ஸ்டேட்மென்ட் இதுதான்:

```
06/10/25  ACH D- INDIAN CLEARING CORP  5,000.00
10/10/25  ACH D- INDIAN CLEARING CORP  5,500.00
06/11/25  ACH D- INDIAN CLEARING CORP  5,000.00
12/11/25  ACH RTN CHGS INCL GST          295.00
```

நவம்பர் 10 காலையில் கணக்கில் 5,640 இருந்தது. 5,500க்கு அது போதும் அல்லவா?

தேனிக்காரன்
5,500 என்பது 2,500ம் 3,000ம் சேர்ந்தது. ஒரே தேதி, ஒரே மேன்டேட் என்றால் சில ஆப்களில் சேர்த்து ஒரே டெபிட்டாக எடுப்பார்கள், சிலவற்றில் தனித்தனியாக வரும். ஃபண்ட் பெயர் இல்லாமல் Indian Clearing Corp என்று இருப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. அது பிஎஸ்இயின் துணை நிறுவனம். பணம் அங்கே போய் அங்கிருந்து ஃபண்டுகளுக்குப் பிரியும்.
6ஆம் தேதி ஆனதற்குக் காரணம், அக்டோபர் 5 ஞாயிற்றுக்கிழமை. வங்கி லீவு.

ஓய்வுபெற்ற கேஷியர்
தம்பி, ஞாயிறு என்பது சரி, காரணம்தான் வேறு. ஸ்டேட்மென்டில் ACH என்று வருகிற நாச் டெபிட் 2021 ஆகஸ்ட் 1 முதல் ஞாயிறிலும் விடுமுறையிலும் நடக்கிறது. எஸ்ஐபி தள்ளிப்போவது ஃபண்டுக்கு அன்று வேலை நாள் இல்லை என்பதால். நவம்பர் 5 புதன்கிழமைதான், ஆனால் குருநானக் ஜெயந்திக்குச் சந்தை விடுமுறை. அதனால்தான் இரண்டு மாதமும் 6 ஆனது. டிசம்பர் 5 வெள்ளிக்கிழமை, அன்றைக்கே போகும். பார்த்துச் சொல்லுங்கள் அம்மா.

இப்போது 295. இது 250 ரூபாய் அபராதம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 45 ரூபாய். வங்கிக்கு வங்கி தொகை மாறும். 12ஆம் தேதி பிடித்திருந்தாலும் இது 10ஆம் தேதி திரும்பிய டெபிட்டுக்கு உரியது. கையெழுத்து, மேன்டேட் கோளாறு எதுவும் இருக்காது, அதே மேன்டேட்டில் நான்கு நாள் முன்னால் 5,000 போயிருக்கிறதே. ஆகவே பணம் போதவில்லை என்றுதான் திரும்பியிருக்கும்.
ஒரு கேள்வி. அந்த 3,000 எஸ்ஐபி எப்போது ஆரம்பித்தது? ஆண்டுக்கு ஆண்டு தொகை கூடும்படி ஸ்டெப்-அப் ஏதாவது டிக் செய்தீர்களா?

வெண்பா
அக்கா, ஸ்டேட்மென்டில் 5,000 இருக்கும், ஃபண்ட் கணக்கில் 4,999.75 என்று வரும். அதையும் பாருங்கள். நான் அந்த 25 பைசாவைத் தேடி ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்திருந்தேன். 2020 ஜூலையில் இருந்து பிடிக்கிற முத்திரைத் தீர்வையாம், 0.005 சதவீதம்.

கணக்குப்பிள்ளை
25 பைசா இங்கே பிரச்சினையே இல்லை. இதெல்லாம் 15,000 என்று மேன்டேட்டை உயர்த்தி வைத்ததால் வந்தது. தேவையான தொகைக்கு மட்டும் மேன்டேட் போட வேண்டும். 5,500க்குப் போட்டிருந்தால் அதற்கு மேல் யாரும் கேட்கவே முடியாது.

தேனிக்காரன்
அப்படிச் செய்தால் தொகை கூடும் மாதம் வரம்பைத் தாண்டியது என்று திரும்பும். அதற்கும் அபராதம் வராது என்று உங்களால் சொல்ல முடியுமா? வரம்பு கொஞ்சம் தாராளமாக இருப்பதுதான் நல்லது.

கணக்குப்பிள்ளை
15,000 மாதத்துக்கா, ஒவ்வொரு டெபிட்டுக்குமா என்று தெரியாமலே கையெழுத்துப் போடுகிறார்கள். அதைத்தான் சொல்கிறேன்.

தேனிக்காரன்
என் மேன்டேட்டில் as and when presented என்று இருக்கிறது. ஒவ்வொரு டெபிட்டுக்கும் என்றுதான் நான் புரிந்துகொண்டேன். என் ஆப்பில் ஒரு நாளைய வரம்பு என்று போட்டிருக்கிறார்கள்.

ராஜா டெக்ஸ்டைல்ஸ்
அப்படியானால் ஒரே நாளில் நான்கு தடவை 15,000 எடுக்கலாமா? எனக்கு இதைக் கேட்டாலே தூக்கம் வரவில்லை.

ஓய்வுபெற்ற கேஷியர்
மேன்டேட் மட்டும் இருந்தால் பணம் போகாது, அதற்கு மேல் எஸ்ஐபி உத்தரவு இருந்தால்தான் டெபிட் வரும். வரம்பு சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த அம்மா காத்திருக்கிறார்.

சிவகாசி மலர்
2024 நவம்பரில் ஆரம்பித்தது சார். ஸ்டெப்-அப் ஞாபகம் இல்லை. பார்க்கிறேன்.

ஓய்வுபெற்ற கேஷியர்
நவம்பர் என்றால் இந்த மாதம் பதின்மூன்றாவது தவணை. 10 சதவீத ஸ்டெப்-அப் இருந்தால் 3,000 என்பது 3,300 ஆகியிருக்கும். 2,500 சேர்த்தால் 5,800. உங்கள் கணக்கில் 5,640. அந்த 160 ரூபாய்தான் இடித்திருக்கிறது. பாதி மட்டும் எடுக்கும் வழக்கம் நாச்சில் இல்லை. ஒரே டெபிட்டாகக் கேட்டதால் இரண்டு ஃபண்டும் சேர்ந்து போய்விட்டது. தனித்தனியாகக் கேட்டிருந்தால் ஒன்றாவது தப்பித்திருக்கும்.

உறுதி செய்ய இரண்டு இடம் பாருங்கள். ஆப்பில் நவம்பர் 10 ஆர்டரைத் திறந்தால் தோல்விக்குக் காரணமும் கேட்ட தொகையும் இருக்கும். அடுத்து கேம்ஸ் தளத்தில், எல்லா ஃபண்டையும் சேர்த்துக் காட்டும் சிஏஎஸ் அறிக்கையை எடுத்து, ஃபண்ட் ஃபண்டாக ஸ்டேட்மென்டோடு வைத்துப் பாருங்கள். சிஏஎஸ் தேதி ஒரு நாள் பிந்தி இருந்தால் குழம்ப வேண்டாம், பணம் ஃபண்டுக்குப் போய்ச் சேர்ந்த நாளின் விலைக்குத்தான் யூனிட் தருவார்கள். நவம்பர் 10ஐ ஒட்டி அந்த இரண்டு ஃபண்டிலும் யூனிட் வந்திருக்காது.
வங்கியிடம் 'பணம் ஏன் போகவில்லை' என்று கேட்காதீர்கள். மேன்டேட்டின் 20 எழுத்து யுஎம்ஆர்என் எண்ணையும் தேதியையும் கொடுத்து, திரும்பியதற்கான காரணம் என்ன என்று கேளுங்கள். அதை அவர்கள் சொல்லியாக வேண்டும்.

வெண்பா
விட்டுப்போன தவணையை அடுத்த மாதம் இரண்டு மடங்காக எடுப்பார்களா சார்?

ஓய்வுபெற்ற கேஷியர்
இல்லை. வேண்டுமானால் கையால் போட வேண்டும். அது யுபிஐ வரியாக வரும், ACH வரிகளோடு சேர்த்து எண்ணாதீர்கள். தொடர்ந்து மூன்று மாதம் தவறினால் மாத எஸ்ஐபி நின்றுபோகும், அதில் கவனம் வேண்டும்.

சிவகாசி மலர்
ஸ்டெப்-அப்தான் சார். ஆர்டரில் 3,300 என்று இருக்கிறது, Balance insufficient என்றும். 10 சதவீதம் நானே டிக் செய்திருக்கிறேன். ரொம்ப நன்றி.

தேனிக்காரன்
295 திரும்பக் கிடைத்ததா? கேட்டுப் பார்த்தீர்களா?

ராஜா டெக்ஸ்டைல்ஸ்
கிடைத்தால் இங்கே போடுங்கள். எனக்கும் அதே மாதிரி ஒரு வரி இருக்கிறது, ஆனால் 590.