ஆப்பை அழித்த பிறகும் மாதம் 399 ரூபாய் போனது

மேலூர்க்காரன்:
அம்மா முழங்கால் வலிக்கு ஒரு உடற்பயிற்சி ஆப் போட்டிருந்தார். ஏழு நாள் இலவசம், அப்புறம் மாதம் 399. பிடிக்கவில்லை என்று ஐந்தாம் நாளே ஆப்பை போனிலிருந்து அழித்துவிட்டார். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். போன வாரம் பாஸ்புக் பதிவு போட்டபோதுதான் தெரிந்தது, மூன்று மாதமாகப் பணம் போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் முதல் நாளே "நாளை பணம் எடுக்கப்படும்" என்று யூபிஐ-யிலிருந்து அறிவிப்பு வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இருந்ததால் அம்மா தள்ளிவிட்டிருக்கிறார்.

அந்த நிறுவனத்தின் தளத்தில் நுழைந்தால் ரத்து செய்ய பட்டனே இல்லை. "உங்கள் சந்தா Google Play வழியாக எடுக்கப்பட்டது" என்று ஒரு வரி மட்டும். மெயில் போட்டேன், தங்களால் நிறுத்த முடியாது என்று பதில். சரி என்று பிளே ஸ்டோரில் மேலே இருக்கும் புரொஃபைல் படத்தைத் தொட்டு Payments & subscriptions, அதற்குள் Subscriptions போனால் காலியாக இருக்கிறது! பணம் மட்டும் போகிறது. யாருக்காவது இப்படி ஆனதுண்டா?

ரேவதி_கோவை:
இதற்கு ஏன் இவ்வளவு அலைச்சல்? யூபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த அனுமதியை ரத்து செய்யுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், நின்றுவிட்டது.

பழைய சிம்:
எனக்கும் ரீசார்ஜோடு ஒரு படம் பார்க்கும் ஆப் கொடுத்தார்கள். அதையும் பிளே ஸ்டோரில்தான் நிறுத்த வேண்டுமா?

தறி_ராஜா:
பழைய சிம் அண்ணே, உங்களுடையது வேறு. ரீசார்ஜோடு வந்ததற்கு பிளே ஸ்டோரில் தனியாகப் பணம் போகாது.

ரேவதி சொன்னது பாதி சரி. ஆட்டோபேயை நிறுத்தினால் அந்த வழியாகப் பணம் போகாது, ஆனால் சந்தா அப்படியே இருக்கும். கூகுள் அதைப் பணம் வராத பாக்கியாகத்தான் பார்க்கும், கொஞ்ச நாள் திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். அதே கணக்கில் வேறு கார்டு சேர்த்து வைத்திருந்தால் அதிலிருந்து எடுக்கவும் வாய்ப்பு உண்டு. சந்தாவையே நிறுத்திவிடுவதுதான் நல்லது.

மேலூர்க்காரரே, காலியாக இருக்கிறதென்றால் அநேகமாகக் கணக்கு மாறியிருக்கிறது. சந்தா போனோடு ஒட்டிக்கொள்வதில்லை, வாங்கிய ஜிமெயில் கணக்கோடு போகும். அம்மா போனில் எத்தனை ஜிமெயில் இருக்கிறது? ஒவ்வொன்றின் மெயிலிலும் GPA என்று தேடுங்கள். கூகுள் பிளே ரசீதின் ஆர்டர் எண் அந்த எழுத்துகளில்தான் தொடங்கும். ரசீது எந்தப் பெட்டியில் கிடக்கிறதோ, அந்தக் கணக்கில்தான் சந்தா.

லண்டன் அக்கா:
நான் ஐபோனில் ஒரு சந்தா எடுத்துவிட்டு ஆண்ட்ராய்டுக்கு மாறியவள். வங்கிக் கணக்கில் APPLE.COM/BILL என்று மட்டும் வரும், எந்த ஆப் என்றே தெரியாது. புதுப் போனில் அந்த ஆப்பைப் போட்டு, எவ்வளவு தேடினாலும் ரத்து செய்ய வழி இல்லை. கடைசியில் மேசை டிராயரில் கிடந்த பழைய ஐபோனை சார்ஜ் போட்டு, Settings-இல் மேலே என் பெயரைத் தொட்டு, Subscriptions-க்குள் போய் நிறுத்தினேன். கவனியுங்கள், ஆப்பிளில் இலவச நாள் முடிய 24 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். கடைசி நாள் இரவு வரை நான் காத்திருந்தேன், ஒரு மாதக் காசு போய்விட்டது.

மேலூர்க்காரன்:
ராஜா அண்ணா, நீங்கள் சொன்னதேதான்! அம்மா போனில் இரண்டு ஜிமெயில். ஒன்று, கொரோனா சமயம் ஆன்லைன் வகுப்புக்கு என் மகனுக்காக அதில் போட்டது. ரசீது மூன்றும் அதில் கிடந்தன. பிளே ஸ்டோரில் படத்தைத் தொட்டு அந்தக் கணக்குக்கு மாறியதும் சந்தா வந்து நின்றது. Cancel subscription தொட்டேன், காரணம் கேட்டது, எதையோ தேர்ந்தெடுத்தேன், மறுபடி ஒருமுறை கேட்டது. நடுவில் வெளியே வந்துவிட்டால் ரத்தாகாது போல. உறுதி செய்த மெயில் வந்த பிறகுதான் போனைக் கீழே வைத்தேன்.

போன காசு மட்டும் நிற்கிறது. திரும்பக் கிடைக்குமா?

தறி_ராஜா:
பணம் எடுத்த 48 மணி நேரத்துக்குள் என்றால் கூகுளிடமே கேட்டுப் பார்க்கலாம். அதற்கு மேல் என்றால் ஆப் நிறுவனத்திடம்தான் கேட்கச் சொல்வார்கள். GPA எண்ணோடு எழுதிப் பாருங்கள். ஆப்பைத் திறக்கவே இல்லை என்பதையும் சொல்லுங்கள். சிலர் கொடுக்கிறார்கள், சிலர் கொடுப்பதில்லை.

மேலூர்க்காரன்:
எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. ஆனால் "திறக்கவே இல்லை" என்று இனி சொல்ல முடியாது. ரத்து செய்தாலும் கட்டிய மாதம் முடியும் வரை, அதாவது 14ஆம் தேதி வரை, ஆப் வேலை செய்யும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். காசு போனது போனதுதானே என்று அம்மா அதைத் திரும்ப இறக்கி, காலை ஆறு மணிக்குக் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார்.