பேட்ச் அளவைக் கூட்டியதும் பதில் நடுவில் நிற்கிறது: குறைப்பதா, வேறு வழியா?

இளமாறன்: 8 பில்லியன் பாராமீட்டர் மொழி மாடல், 80 ஜிபி ஏ100 கார்டு ஒன்று. ஒரே நேரத்தில் 32 பேர் என்று இருந்ததை 128 ஆக்கினேன்.

```
vllm serve ./model --max-num-seqs 128 --max-num-batched-tokens 16384
```

மொத்த வேகம் நன்றாக ஏறியது. ஆனால் பதில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அரை நொடிக்கு மேல் நின்றுவிட்டுத் தொடர்கிறது என்று பயனர்கள் சொல்கிறார்கள். சராசரித் தாமதத்தில் ஒன்றும் தெரியவில்லை. 32-க்கே திரும்பிவிடவா?

சரவணன்: திரும்பிவிடுங்கள் தம்பி. கூட்டம் நாலு மடங்கானால் ஒவ்வொருவரும் காத்திருக்கத்தானே வேண்டும்? 32-இல் புகார் வரவில்லை, அதுவே சாட்சி.

தாமரை: கூட்டத்தால் வரும் தாமதம் இப்படி விட்டுவிட்டு வராது, எல்லா டோக்கனும் சீராக மெதுவாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 பிட்டில் மாடலின் எடைகள் 16 ஜிபி. அடுத்த டோக்கனுக்கு அதை முழுதும் நினைவகத்திலிருந்து படித்தாக வேண்டும். நொடிக்கு 2,000 ஜிபி படிக்கும் கார்டில் அதற்கு 8 மில்லிநொடி. ஒருவர் இருந்தாலும் நூறு பேர் இருந்தாலும் இந்தச் செலவு ஒன்றுதான். பேட்ச் கட்டுவதே அதைப் பங்குபோடத்தான்.

பங்குபோட முடியாதது ஒவ்வொருவரின் கேவி கேஷ், அதாவது அவர் உரையாடலின் முந்தைய டோக்கன்களுக்குச் சேமித்து வைத்த கணக்கு. அதையும் ஒவ்வொரு சுற்றிலும் படிக்க வேண்டும். லாமா 3 வகை 8 பில்லியன் மாடலில் டோக்கனுக்கு 128 கேபி, 2,048 டோக்கன் உரையாடலுக்கு 256 எம்பி. 32 பேருக்கு 8 ஜிபி, 128 பேருக்கு 32 ஜிபி. எடைகளையும் சேர்த்தால் ஒரு சுற்று 12 மில்லிநொடியிலிருந்து 24 ஆகிறது. அப்போதும் ஆளுக்கு நொடிக்கு 40 டோக்கன், மனிதர் வாசிக்கும் வேகத்தைவிட அதிகம். அரை நொடி இங்கிருந்து வரவில்லை.

முபாரக்: எங்கள் படம் வகைப்படுத்தும் சேவையிலும் இதே தொல்லை. பேட்ச் நிரம்புவதற்காகக் காத்திருக்கும் `max_queue_delay_microseconds` மதிப்பைக் குறைத்ததும் சரியாகிவிட்டது. அதைப் பாருங்கள்.

தாமரை: உங்கள் மாடலில் ஒரு கோரிக்கை ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும், அதனால் ஆள் சேரும்வரை நிற்பதில் அர்த்தம் உண்டு. இங்கே யாரும் நிற்பதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் முடிந்தவர் இறங்க, புதியவர் ஏறிக்கொள்கிறார். 2022-இல் ஆர்கா ஆய்வுக்கட்டுரை காட்டிய முறை இது.

சரவணன்: சரி, அப்படியானால் அந்த அரை நொடி எங்கிருந்து வந்தது?

தாமரை: புதிதாக ஏறுபவரிடமிருந்து. ஒருவர் 10,000 டோக்கன் ஆவணத்தை ஒட்டுகிறார் என்று வையுங்கள். டோக்கனுக்கு 16 பில்லியன் கணக்கீடு, மொத்தம் 160 டிரில்லியன். கார்டின் உச்சம் நொடிக்கு 312 டிரில்லியன், நடைமுறையில் அதை எட்டவே எட்டாது. உச்சத்திலேயே அரை நொடி. ஒரு சுற்றுக்கான டோக்கன் வரம்பை 16384 என்று வைத்திருப்பதால் அவ்வளவும் ஒரே சுற்றில் போகிறது. அந்தச் சுற்று முடியும்வரை மற்ற 127 பேருக்கும் அடுத்த டோக்கன் கிடையாது.

32-இல் புகார் வராததற்கும் இதுவே காரணம். வரிசை எப்போதும் நிறைந்திருந்தால், இப்போது நொடிக்கு இரண்டு மடங்கு பேர் உள்ளே வருகிறார்கள். ஒரு பதில் ஓடும் நேரமும் இரண்டு மடங்கு. ஆக ஒரு பதில் முன்பைவிட நாலு மடங்கு புது ஆவணங்களோடு மோதுகிறது. சரவணன் பாதி சரி, பேட்ச் அளவு மோதலைக் கூட்டுகிறது. ஆனால் நிற்கும் நேரத்தின் நீளம் ஆவணத்தைப் பொறுத்தது. 32-க்குப் போனாலும் அது குறையாது.

சரவணன்: கேவி கேஷுக்கு இடம் போதாமல் ஒருவரை வெளியே தள்ளி, பிறகு அவர் கணக்கை முதலிலிருந்து போட்டாலும் இப்படித்தான் நிற்கும். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

தாமரை: நியாயமான கேள்வி. `vllm:num_preemptions_total` ஏறுகிறதா பார்க்கலாம். அப்புறம் சராசரியை விட்டுவிட்டு, இரு டோக்கன்களுக்கு இடைப்பட்ட நேரத்தின் 99-ஆவது சதமானத்தைப் பாருங்கள். ஆயிரம் இடைவெளியில் பதினைந்து நீண்டால் சராசரியில் பெரிதாகத் தெரியாது.

இளமாறன்: பார்த்தேன் அக்கா. வெளியே தள்ளிய எண்ணிக்கை பூஜ்ஜியம். 99-ஆவது சதமானம் 700 மில்லிநொடி. `--max-num-batched-tokens` மதிப்பை 1024 ஆக்கியதும் அது 110-க்கு வந்துவிட்டது. ஆனால் ஆவணம் ஒட்டுபவருக்கு முதல் டோக்கன் முன்பைவிடத் தாமதமாகிறது.

தாமரை: ஆகத்தான் செய்யும். ஒவ்வொரு சுற்றிலும் ஓடுகிற 127 டோக்கனும் அந்த 1024-க்குள் அடங்கும். மீதி 897-இல் 10,000-ஐ முடிக்க 12 சுற்று. ஒவ்வொன்றிலும் எடைகளையும் மற்றவர்களின் கேஷையும் திரும்பப் படிக்க வேண்டும். 2048 வைத்துப் பாருங்கள், ஆறு சுற்றில் முடியும்.

சரவணன்: அதைவிட, ஆவணம் படிக்கும் வேலைக்கு இன்னொரு கார்டை ஒதுக்கிவிட்டால் இரண்டு தொல்லையும் தீரும்.

தாமரை: பத்துக் கார்டு இருந்தால் ஒப்புக்கொள்வேன். இரண்டே கார்டில் ஒன்றை ஒதுக்கினால், ஆவணம் வராத நேரத்தில் பாதிக் காசு சும்மா கிடக்கும். கேஷை ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

சரவணன்: ஆவணம் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று தெரியாமல் சும்மா கிடக்கும் என்று சொல்லிவிட முடியாது. தம்பி, கோரிக்கைகளில் எத்தனை சதவீதம் 4,000 டோக்கனைத் தாண்டுகிறது?

இளமாறன்: உள்ளீட்டு நீளத்தை இதுவரை பதிவு செய்யவில்லை அண்ணா. இன்று சேர்க்கிறேன், ஒரு வார எண்கள் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.