முதல் சாட்டில "என்ன தேடுறீங்கள்" எண்டு கேக்கலாமோ?

திருநெல்வேலிச்சந்தி: டிண்டரில பொருந்தின ஆளிட்ட என்ன மாதிரி உறவு தேடுறா எண்டு நேரடியாக் கேக்க வேணும். ஆனா இன்டர்வியூ மாதிரியும் இருக்கப்படாது. புரொஃபைலில எழுதுறதோ, முதல் சாட்டில கேக்கிறதோ? எப்பிடி எழுதுறது?

பனையோலை: ரெண்டிலயும், ஆனா வேற வேற மாதிரி. புரொஃபைலில கேள்வி வேண்டாம், உங்கட விருப்பத்தை ஒரே வரியில சொல்லுங்கோ: "நல்ல பிளேன் ரீயும் நீண்ட கதையும் பிடிக்கும், கலியாணத்தில முடிஞ்சால் சந்தோசம், அவசரமில்லை." "டைம் பாஸ் ஆக்கள் தள்ளி நில்லுங்கோ" எண்டு எழுதினால் அந்த ஆக்கள் தள்ளி நிக்கமாட்டினம், நல்ல ஆக்கள்தான் பயப்பிடுவினம்.

சாட்டில நாலாவது, அஞ்சாவது மெசேஜில கேளுங்கோ. "நீங்கள் சீரியஸா, டைம் பாஸா?" எண்டு கேட்டால் ஒருத்தரும் "டைம் பாஸ்" எண்டு சொல்லாயினம், அதால பதிலால பிரயோசனமில்லை. முதல்ல உங்கட பக்கத்தைச் சொல்லிப்போட்டு, "உங்கட பக்கம் என்ன மாதிரி?" எண்டு விடுங்கோ.

கொடிகாமத்தான்: கேக்கவே தேவையில்லை. டிண்டரிலயே அதுக்கு ஒரு இடம் இருக்கு, 2022 கடைசியில வந்தது. `Long-term partner`, `Short-term fun`, `Still figuring it out` எண்டு ஆள் தானே தெரிவு செய்யும். பாத்தாப் போதும்.

பனையோலை: பாக்கிறது சரி, அதோட நிண்டால் பிழைக்கும். கணக்குத் திறக்கேக்க அமத்தினதைக் கனபேர் பிறகு மாத்திறேல்லை. `Still figuring it out` எண்டதுக்குள்ள உண்மையாவே தெரியாத ஆளும் இருக்கும், சொல்ல விருப்பமில்லாத ஆளும் இருக்கும். அவை தெரிவு செய்ததைக் கதை துவங்கிற காரணமா வையுங்கோ: "இன்னும் யோசிக்கிறன் எண்டு போட்டிருக்கிறீங்கள், எந்தப் பக்கம் கூடச் சாயுது?"

சுன்னாகம்மாமி: பிள்ளையள், இதுக்கு ஏன் இவ்வளவு யோசினை? முதல்ல ஊரைக் கேக்கோணும், பிறகு சாதகம். என்ர தங்கச்சின்ர மகனுக்குத் தரகர் கொண்டுவந்த இடத்தில முதல் நாளே எல்லாம் கேட்டாச்சு.

திருநெல்வேலிச்சந்தி: மாமி, அது வீடு பாக்கிற சம்பந்தம். இஞ்ச கலியாணமோ இல்லையோ எண்டதே இன்னும் தெரியாது. அதைத்தான் கேக்கிறன்.

மணல்காடு: பனையோலை அண்ணை சொல்லுற "முதல்ல நீங்கள் சொல்லுங்கோ" எண்டதில ஒரு ஓட்டை இருக்கு. ஒரு பிள்ளை "நான் கலியாணத்துக்குத்தான் தேடுறன்" எண்டு சொன்ன உடன, "ஐயோ, நானும் அதுதான்!" எண்டு வரும். அது பதிலில்லை, எதிரொலி. பெம்பிளைப்பிள்ளையள் முதல்ல கேள்வியைத்தான் வைக்கவேணும்.

பனையோலை: எதிரொலிப் பிரச்சினை உண்மை. நான் சொல்லுறது, பாதியைச் சொல்லுங்கோ. என்ன வேணும் எண்டதைச் சொல்லி, எப்ப, எங்க எண்டதைச் சொல்லாமல் விட்டு, பிறகு அதைக் கேளுங்கோ. சொல்லாததை எதிரொலிக்க ஏலாது.

நல்லூர்த் திருவிழாக் காலத்தை எடுங்கோ. அந்த 25 நாளும் வெளிநாட்டு லீவில வந்த ஆக்களும் உங்கட தூரத்துக்குள்ள காட்டும். ஒராளுக்கு இப்பிடி எழுதலாம்: "தேருக்கு வந்த ஆளோ, இஞ்சத்தை ஆளோ? நான் நீண்டகாலம் நிக்கிற மாதிரி ஒராளைத் தேடுறன். உங்களுக்கு என்ன மாதிரி?" பதில், "நானும் அப்பிடித்தான். போற போக்கில பாப்பம்." ரெண்டு வசனமும் ஒண்டோடொண்டு ஒட்டேல்லை. உடன கோவிக்காமல் ஒருக்கா மட்டும் கேளுங்கோ: "சரி பாப்பம். திருவிழா முடிய இந்தப் போக்கு எங்க போகும் எண்டு நினைக்கிறீங்கள்?" "மாசக் கடைசியில திரும்பிறன், போனில கதைச்சுப் பிறகு டிசம்பரில வர யோசிக்கிறன்" எண்டு வந்தால் யோசிச்ச ஆள். சிரிப்புப் படத்தோட கதை மாறினால் அதுதான் பதில், மூண்டாந்தரம் கேக்கவேண்டாம்.

கொடிகாமத்தான்: முதல் நாளே டிசம்பர் எல்லாம் கேட்டால் ஓடிடுவினம்.

பனையோலை: திகதி கேக்கேல்லை தம்பி, அது அவர் தானாத் தந்த விபரம். "எப்ப கலியாணம் கட்டுவீங்கள்" எண்டு கேட்டால் நீங்கள் சொன்னது சரி, ஓடுவினம்.

மணல்காடு: பாதி சொல்லுறதும் யாழ்ப்பாணத்தில பிள்ளையளுக்குப் பாரம்தான். "நீண்டகாலம்" எண்டு எழுதின வரி ஸ்கிரீன்ஷொட்டாகிச் சொந்தக்காரற்ற குறூப்புக்குப் போனால் விளக்கம் சொல்லவேண்டியது அவள். புரொஃபைலில ஒண்டும் எழுதாமல் சாட்டில மட்டும் கேக்கிறதுதான் பாதுகாப்பு.

பனையோலை: ஸ்கிரீன்ஷொட் எடுக்கிறவன் சாட்டையும் எடுப்பான். ஆனா புரொஃபைலை ஊரே பாக்கும் எண்டது சரி. பிள்ளையளுக்கு அந்த வரியை வற்புறுத்தமாட்டன்.

திருநெல்வேலிச்சந்தி: நான் பெடியன்தான். அப்ப வரியைப் போடுறன். "அவசரமில்லை" எண்டதை விடலாமோ, வைக்கலாமோ?

மணல்காடு: விடுங்கோ. அதைப் பாத்தால் பின்வாங்கிற மாதிரி இருக்கு.

பனையோலை: வையுங்கோ.